கறிவேப்பிலை, துளசி, கத்தரியில் புழு: மருந்துக்கு முன் இலையைப் பிரித்துப் பாருங்கள்

கேள்வி: கிருஷ்ணகிரியில் மாடியில் தொட்டிச் செடி வைத்திருக்கிறேன். கறிவேப்பிலையைப் பச்சைப் புழு மொட்டையடிக்கிறது. துளசி நுனி சுருண்டு நூல் கட்டியிருக்கிறது. கத்தரி இலையில் வெள்ளை வெள்ளையாகக் கோடு, இரண்டு குருத்தும் தொங்கிவிட்டது. லிட்டருக்கு 10 மில்லி வேப்பெண்ணெய், துணி சோப்பு கரைத்து போர் தண்ணீரில் அடித்தேன். புழு சாகவில்லை, துளசிதான் கருகிவிட்டது. மூன்றுமே வாயில் போடுகிற செடி. என்ன தெளிக்கலாம்?

பதில்:

உங்கள் மாடியில் நான்கு வேறு வேறு பூச்சிகள் இருக்கின்றன. கறிவேப்பிலைப் புழு இலைக்கு வெளியே உட்கார்ந்து தின்கிறது. துளசிப் புழு இலையை மடித்துத் தைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறது. கத்தரி இலையில் கோடு போடுவது இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவில் இருக்கிறது. குருத்தைத் தொங்கவிட்டது தண்டுக்குள் இருக்கிறது. இலைமேல் விழுகிற எந்த மருந்தும் இந்த நான்கில் முதலாவதைத்தான் நேராகத் தொடும். மற்ற மூன்றுக்கும் முதலில் கை, அப்புறம்தான் தெளிப்பான்.

துளசி ஏன் கருகியது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைச் சரி செய்யாமல் அடுத்த தெளிப்புக்குப் போனால் கறிவேப்பிலையும் கருகும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் கடினத் தண்ணீர். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். துணி சோப்பு அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளைத் திப்பியாகத் திரிந்துவிடும். குளித்த பிறகு வாளி ஓரத்தில் படிகிற அதே அழுக்குதான். சோப்பு திரிந்துபோனால் எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க ஆளில்லை. எண்ணெய் மேலே மிதக்கும், அடித்தண்ணீர்தான் முதலில் தெளிப்பான் வழியாக வரும். அதனால் முதலில் அடித்த செடிக்கு வெறும் தண்ணீரும், கடைசியில் அடித்த செடிக்குக் கிட்டத்தட்ட தனி எண்ணெயும் போயிருக்கும். துளசி இலை மெல்லியது, ரோமம் உள்ளது. ரோமத்தில் எண்ணெய் நின்று, மேலே வெயிலும் பட்டால் ஓரம் கருகி உதிரும். 10 மில்லி என்ற அளவும் துளசிக்கு அதிகம்.

உங்கள் தண்ணீர் எப்படி என்று பார்க்க ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் சோப்பைச் சீவிப்போட்டுக் குலுக்குங்கள். நுரை வராமல் பால் திரிந்த மாதிரி துகள் மிதந்தால் அந்தத் தண்ணீர் எண்ணெய்க் கரைசலுக்கு ஆகாது. வீட்டுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறது என்றால் தெளிப்புக்கு மட்டும் அதில் ஒரு லிட்டர் எடுத்து வையுங்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அது இன்னும் நல்லது. போர் தண்ணீர்தான் கதி என்றால் சோப்பை விட்டுவிட்டுப் பூந்திக்கொட்டைக்கு மாறுங்கள். பூந்திக்கொட்டையின் நுரை கடினத் தண்ணீரிலும் அவ்வளவாகத் திரியாது. ஐந்தாறு கொட்டையின் தோலை ஒரு டம்ளர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் பிசைந்து துணியில் வடிகட்டினால் ஒரு லிட்டர் கரைசலுக்குப் போதும்.

கலக்கும் வரிசையும் முக்கியம். முதலில் பூந்திக்கொட்டைச் சாறு, அதில் வேப்பெண்ணெய். இரண்டையும் ஒரு சிறு பாட்டிலில் போட்டுப் பால் மாதிரி வெளுக்கும்வரை குலுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மீதித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். தண்ணீரை முதலில் நிரப்பிவிட்டு மேலே எண்ணெய் விட்டால் எத்தனை குலுக்கினாலும் ஒட்டாது. கலந்ததைக் கண்ணாடி பாட்டிலில் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். மேலே மஞ்சள் வளையம் கட்டினால் செடிக்கு அடிக்காதீர்கள். அளவு, கறிவேப்பிலைக்கும் கத்தரிக்கும் லிட்டருக்கு 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன். துளசிக்கு அடித்தே ஆக வேண்டும் என்றால் 2 மில்லிக்கு மேல் வேண்டாம். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். வேம்பில் இருக்கும் அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதைந்துபோகும், அதனால் நேரம் எப்போதும் சாயங்காலம்தான். முதலில் ஒரே கிளைக்கு அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மீதிக்கு அடிப்பது நல்ல பழக்கம்.

இனி, புழு ஏன் சாகவில்லை? வேப்பெண்ணெய் பட்டதும் புழுவைக் கொல்லும் மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். அது முக்கியமாகச் செய்வது இரண்டு வேலை: தின்னும் ஆசையைக் குறைக்கும், சட்டை உரிப்பதைக் கெடுக்கும். விரல்நீளம் வளர்ந்த புழு இன்னும் ஓரிரு முறைகூடச் சட்டை உரிக்கப் போவதில்லை, கூட்டுப்புழுவாகத்தான் போகப் போகிறது. அதன்மேல் எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் பெரிய பலன் இல்லை. அடித்தது தப்பில்லை, அடித்த நாள்தான் தாமதம்.

உங்கள் கறிவேப்பிலையில் இருப்பது எலுமிச்சை இனச் செடிகளில் வரும் வண்ணத்துப்பூச்சியின் புழு. கறிவேப்பிலையும் எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எல்லாம் ஒரே குடும்பம் என்பதால் அந்தப் பூச்சிக்கு உங்கள் தொட்டியும் ஒரு தோப்பு. தாய்ப்பூச்சி இளந்துளிரில் கடுகைவிடச் சிறிய, வெளிர்மஞ்சள் உருண்டை முட்டையை ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டுப் போகும். சில நாளில் பொரிந்து வருவது பழுப்பும் வெள்ளையும் கலந்து, அசப்பில் பறவை எச்சம் மாதிரியே இருக்கும். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். எச்சம் என்று விட்டுவிடுவோம், பத்து நாள் கழித்துப் பச்சை நிறத்தில் கொழுத்து நிற்கும்போதுதான் கண்ணில் படும். புழுப் பருவம் மொத்தம் இரண்டு மூன்று வாரம். ஆனால் தின்பதில் பெரும்பங்கு கடைசி சில நாளில்தான் நடக்கும். ‘நேற்று இருந்த இலை இன்று இல்லை’ என்று தோன்றுவது அதனால்தான்.

தொட்டால் தலைக்குப் பின்னால் ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறத்தில் இரண்டு கொம்பு நீட்டி ஒரு நெடி விடும். அது பயமுறுத்தல்தான், கையை ஒன்றும் செய்யாது. ஒரு தொட்டிச் செடியில் அதிகம் போனால் பத்து பதினைந்து புழு இருக்கும். அதற்கு மருந்து தேடுவதைவிடக் காம்போடு கிள்ளி எடுப்பது ஐந்து நிமிட வேலை. பச்சைப் புழு இலை நடுநரம்பில் இலையோடு இலையாக ஒட்டியிருக்கும். தேடத் தெரியாவிட்டால் தொட்டி மண்ணிலும் கீழ் இலைகளிலும் கரும்பச்சை உருண்டை எச்சம் விழுந்திருக்கிறதா பாருங்கள், அதற்கு நேர் மேலேதான் ஆள் இருப்பார். கொல்ல மனமில்லாதவர்கள் பக்கத்தில் உள்ள வில்வத்திலோ நாரத்தையிலோ விட்டுவிடலாம், பிழைத்துக்கொள்ளும். மழை பெய்து புதுத் துளிர் விடும்போதும், நீங்கள் கிளையை ஒடித்து அது தழைக்கும்போதும் மூன்று நாளைக்கு ஒருமுறை துளிரை மட்டும் திருப்பிப் பார்த்தால் தெளிப்பானே தேவைப்படாது. புளித்த மோர் ஊற்றினால் புழு போகும் என்பார்கள். மோரால் செடி தழைக்கலாம், தழைத்தால் புழுவுக்குத்தான் விருந்து.

செடி ஆள் உயரம் தாண்டிவிட்டது, கை எட்டவில்லை என்றால் பி.டி. என்று சுருக்கிச் சொல்லும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியாப் பொடி இருக்கிறது. அதில் குர்ஸ்டாகி என்ற வகை எழுதியிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். லிட்டருக்கு 1 முதல் 2 கிராம், பாக்கெட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி. புழு அந்த இலையைத் தின்றால்தான் வேலை செய்யும். தின்ற சில மணி நேரத்தில் குடல் கெட்டு வாய் மூடும், இரண்டு மூன்று நாளில் கறுத்துத் தொங்கும். மறுநாள் காலை புழு உயிரோடு இருக்கிறதே என்று மறுபடி அடிக்க வேண்டாம், புதிதாக இலை கடிபட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மனிதருக்கும் நாய்க்கும் தேனீக்கும் தொல்லை இல்லாத மருந்துகளில் வீட்டுக்கு ஏற்றது இதுதான் என்பது என் கணிப்பு. ஆனால் இதையும் வெயில் சில நாளில் அழித்துவிடும், அதனால் ஒரு வாரம் கழித்து இரண்டாம் முறை வேண்டும். காரத்தன்மை அதிகமான தண்ணீரில் வீரியம் குறையும் என்பதால் இதற்கும் ஒகேனக்கல் தண்ணீர் அல்லது மழைத் தண்ணீரே நல்லது.

நம் மாவட்டங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பி.டி. பெரும்பாலான வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களைக் கொல்லும். பட்டுப்புழுவும் அந்தக் கூட்டம்தான். பக்கத்து வீட்டில் பட்டு வளர்ப்பு மனை இருந்தாலோ, மாடிக்குக் கீழே மல்பெரித் தோட்டம் இருந்தாலோ பி.டி. வேண்டவே வேண்டாம். காற்றில் போகிற சாரல் மல்பெரி இலையில் விழுந்தால் பட்டுப்புழு தட்டு தட்டாகச் செத்துப்போகும். வேப்பெண்ணெயும் பட்டுப்புழுவுக்கு ஆகாது. அந்த இடத்தில் இருப்பவர்களுக்குக் கைதான் மருந்து.

துளசிக்கு வருவோம். நூல் கட்டிய ஒரு நுனியைக் கிள்ளி வெள்ளைத் தாளின் மேல் வைத்து விரித்துப் பாருங்கள். உள்ளே மெலிந்த பச்சைப் புழுவும் மிளகைப் பொடித்த மாதிரி கறுப்பு எச்சமும் இருந்தால் அது இலைச்சுருட்டுப் புழு. நூல் இல்லாமல் இலை மட்டும் சுருண்டு, மேலே வெளிர்ப்புள்ளி, அடியில் கறுப்பாகச் சிறு பூச்சிகள் நகர்ந்தால் அது சாறு உறிஞ்சும் பூச்சி. அதற்கு பி.டி. பைசா பிரயோஜனம் இல்லை. இலையைக் கடிக்காத பூச்சியின் வயிற்றுக்குள் பி.டி. போகாது. குழாய்த் தண்ணீரை இலையின் அடியில் வேகமாக அடித்து இரண்டு மூன்று நாள் கழுவி, பூந்திக்கொட்டைச் சாறு மட்டும் தெளித்தால் அடங்கும்.

உங்களுக்கு நூல் இருப்பதால் சுருட்டுப் புழுதான். சுருண்ட நுனிகளை எல்லாம் இரண்டு கணு கீழே சேர்த்துக் கத்தரித்து, சோப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். கருகிய இலைகளும் அதோடு போகட்டும். துளசி நுனி கிள்ளினால் பக்கக் கிளை விட்டுப் புதராகும், அதற்கு நஷ்டமில்லை. மூன்று நான்கு நாளில் துளிர் வரும்போது, முட்டையிலிருந்து வந்த குஞ்சுப் புழு இன்னும் இலையைத் தைக்காமல் வெளியே திரியும். பி.டி. அடிப்பதற்கு அதுதான் தருணம். இலையைத் தைத்த பிறகு அடிப்பது மூடிய வீட்டின் கூரையில் மழை பெய்வது மாதிரி. துளசியைப் பச்சையாகவே தீர்த்தத்திலும் கஷாயத்திலும் போடுகிறோம், அதனால் இதற்கு எண்ணெய் இல்லாமலே முடித்துக்கொள்வது உத்தமம்.

கத்தரிதான் கொஞ்சம் பொறுமை கேட்கும். வெள்ளைக் கோடு போடுவது இலைத்துளைப்பான். கொசுவைவிடச் சிறிய, மஞ்சளும் கறுப்புமான ஈயின் புழு அது. பி.டி. பொடி இதையும் ஒன்றும் செய்யாது. கோடு உள்ள இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். புழு வளர வளரக் கோடு அகலமாகிக்கொண்டே போகும், அதனால் மெல்லிய முனை ஆரம்பம், தடித்த முனைதான் அது இருக்கும் இடம். தடித்த முனையில் மஞ்சளாக ஒரு சிறு துண்டு தெரிந்தால் நகத்தால் அந்த இடத்தை அழுத்திவிடுங்கள், தீர்ந்தது. அங்கே ஒன்றும் இல்லாமல் தோலில் ஒரு சின்னக் கிழிசல் இருந்தால் புழு எப்போதோ வெளியேறி மண்ணில் விழுந்துவிட்டது. காலியான கோட்டின் மேல் மருந்து அடிப்பவர்கள்தான் ‘மருந்து கேட்கவில்லை’ என்று சொல்கிறார்கள். கோடு ஒருநாளும் மறையாது. புது இலையில் கோடு வருகிறதா என்பதே கணக்கு.

வளர்ந்த கத்தரிச் செடியில் கீழ் இலை நாலைந்தில் கோடு இருந்தால் காய்ப்பு குறையாது. நாற்றிலும் இளஞ்செடியிலும்தான் கவலை. கோடு நிறைந்த கீழ் இலைகளைப் பறித்து மூடிய கவரில் போட்டு வெளியேற்றுங்கள், தொட்டி ஓரத்தில் போட்டால் புழு மண்ணுக்குள் போய் ஈயாகத் திரும்பும். மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றை இலை உயரத்தில் தொங்கவிட்டால் ஈயில் கொஞ்சம் பிடிபடும். தொட்டி மண்ணில் ஒரு கை வேப்பம்புண்ணாக்கு கிளறிவிடலாம். இலைக்கு அடிப்பதானால் 5 மில்லி வேப்பெண்ணெய்க் கரைசல், புதுக் கோடு ஊசி போல மெலிந்திருக்கும்போது. இந்தப் புழுவை உள்ளேயே கொல்லும் நுண்ணிய குளவிகள் இருக்கின்றன. வீரியமான பூச்சிமருந்து அடித்த தோட்டங்களில் இலைத்துளைப்பான் பெருகுவதற்குக் காரணமே அந்தக் குளவிகள் செத்துப்போவதுதான்.

ஒன்று கவனியுங்கள்: பாம்பு போன கோடாக இல்லாமல் இலையில் அகலமாகப் பை மாதிரி வெளுத்து, காகிதம் போல் காய்ந்தால் அது தக்காளி ஊசிப்புழுவாக இருக்கலாம். 2014-இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட அந்தப் பூச்சி தக்காளியைத்தான் முதலில் தேடும், கத்தரியையும் விடாது. பாலக்கோடு, ராயக்கோட்டை மாதிரி தக்காளி வயல் சூழ்ந்த இடங்களில் இருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள். அப்படிப்பட்ட இலையைப் பறித்து அழிப்பதே முதல் வேலை.

தொங்கின குருத்து, குருத்து மற்றும் காய்த்துளைப்பான். செடி முழுவதும் வாடினால் தண்ணீர் அல்லது வாடல் நோய். ஒரே நுனி மட்டும், மற்ற கிளைகள் தெம்பாக இருக்கும்போது தலை குனிந்தால் உள்ளே புழு. தொங்கும் இடத்திலிருந்து ஒரு விரல் நீளம் கீழே, நல்ல தண்டு தெரியும்வரை வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் ஓட்டை தெரிந்தால் புழு இன்னும் கீழே போயிருக்கிறது, இன்னொரு அங்குலம் வெட்டுங்கள். வெட்டிய துண்டைப் பிளந்தால் வெளிர்சிவப்புப் புழு கிடைக்கும். கிடைக்காவிட்டால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். முட்டை பொரிந்ததும் தாமதிக்காமல் இது தண்டுக்குள் நுழைந்துவிடுவதால் மேலே அடிக்கிற மருந்து பிடிப்பதற்கு நேரமே கிடைக்காது. வாரம் ஒருமுறை குருத்து பார்த்து வெட்டுவதும், ஓட்டை விழுந்த காயைச் செடியில் விட்டுவைக்காமல் பறித்து அழிப்பதும், தொட்டியில் உதிர்ந்த சருகை அள்ளுவதும் சேர்ந்தால்தான் குறையும். சருகில்தான் அது கூடு கட்டும்.

இதை உங்கள் மூன்று தொட்டிக்கும் நாள் கணக்காகச் சொல்கிறேன். இன்று சாயங்காலம் சமையலுக்குத் தேவையான கறிவேப்பிலையை முதலில் பறித்துக்கொள்ளுங்கள், பிறகு புழுக்களைப் பொறுக்குங்கள். துளசி நுனிகளையும் கத்தரிக் குருத்து இரண்டையும் வெட்டுங்கள், கோட்டு இலைகளை நகத்தால் அழுத்துங்கள். இன்றைக்கு எதுவும் தெளிக்க வேண்டாம், துளசி ஏற்கெனவே அடிபட்டிருக்கிறது. நாலாம் நாள் சாயங்காலம் அரை லிட்டர் பி.டி. கரைசல் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும், இலையின் அடியும் நனையும்படி. மறுநாள் அரை லிட்டர் தண்ணீருக்கு 2.5 மில்லி வேப்பெண்ணெய்க் கரைசல் கத்தரிக்கு மட்டும். பதினோராம் நாள் துளிரைப் பார்த்து, புதுக் கடி இருந்தால் மட்டும் பி.டி.யை இன்னொரு முறை. கத்தரியில் புதுக் கோடு இருந்தால் பன்னிரண்டாம் நாள் வேப்பெண்ணெய் மறுபடி. வேப்பெண்ணெய் அடித்த செடியிலிருந்து ஐந்து நாள் எதையும் பறிக்காதீர்கள், பறித்தாலும் கசக்கும். பி.டி. அடித்த இலையை நன்றாகக் கழுவிப் பயன்படுத்தலாம்.

‘இயற்கை’ என்று சொல்லிப் புகையிலைக் கஷாயம் பரிந்துரைப்பார்கள், வேண்டாம். அதில் இருக்கும் நிகோட்டின் நேரான விஷம், பச்சையாகத் தின்னும் துளசியில் அதற்கு இடமில்லை. கத்தரிக்குப் புகையிலை வழியாக நச்சுயிரி நோயும் வரலாம். இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசல் வாடையால் கொஞ்சம் விரட்டும், அவ்வளவுதான். உரக்கடையில் ஊடுருவிப் பாயும் மருந்து கொடுத்தால் கறிவேப்பிலைக்கு வாங்காதீர்கள். அது இலையின் சாற்றுக்குள்ளேயே ஏறிவிடும், கழுவினால் போகாது. வேப்பெண்ணெய் பாட்டிலையும் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். செடிக்குச் சாதுவான அது, சிறு குழந்தை விழுங்கினால் ஆபத்து.

கத்தரி ஒன்றரை வருடம் தாண்டிய செடியாக இருந்து, வாரம் இரண்டு குருத்து வெட்டியும் காய்க்கு ஓட்டை விழுந்துகொண்டே இருந்தால் அதைப் பிடுங்கிவிடுங்கள். அந்தத் தொட்டி மண்ணை வெயிலில் பரப்பிக் காயவைத்து, அடுத்த முறை கத்தரியோ தக்காளியோ வைக்காமல் கீரை விதையுங்கள்.